உடை மாற்றி எடிட் செய்த படத்தை 10×8 அடி ஃப்ளெக்ஸுக்குத் தயார் செய்வது: முழுமையான வழிகாட்டி

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கும் வேலை இது. அறுபதாம் கல்யாணம், மண்டப வாசலில் 10 அடி அகலம் 8 அடி உயரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ். அம்மாவின் படம் வீட்டில் பருத்திப் புடவையில் ஃபோனில் எடுத்தது. முகம் அதில்தான் நன்றாக விழுந்திருக்கிறது என்று பிள்ளைகள் அதையே கொடுத்து, "அரக்குப் பட்டு, கிளிப்பச்சை பார்டர் கட்டின மாதிரி மாத்திக் கொடுங்க" என்கிறார்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் புடவையை மாற்றுவதில் தடுமாறுவதில்லை, அதெல்லாம் நன்றாகவே செய்துவிடுகிறார்கள். அடித்து வந்த பிறகுதான் பிரச்சினை. முகம் தெளிவாக, புடவை மட்டும் கலங்கி, ஜரிகை சேற்று நிறத்தில் நிற்கும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மொத்தப் படத்துக்கும் சேர்த்து ஒரே ரெசல்யூஷன் எண்ணைப் பார்த்துவிட்டு, உள்ளே ஒட்டிய ஒவ்வொரு துண்டும் உண்மையில் எவ்வளவு தாங்கும் என்று பார்க்காமல் விடுவது. கீழே உள்ள வரிசை முழுக்க அதைத் தவிர்ப்பதற்காகத்தான். மெனு பெயர்கள் போட்டோஷாப்பில் இருப்பவை.

## 1. எடிட் தொடங்கும் முன் பிரிண்ட் கடையில் கேட்க வேண்டியவை

முதலில் அளவு. கடையில் அளவு சொல்லும்போது அகலம் முன்னால், உயரம் பின்னால். வீட்டார் சிலர் மாற்றிச் சொல்லிவிடுவார்கள், அதனால் "படுத்த மாதிரியா, நின்ற மாதிரியா" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, ஃபைல் ஆர்ஜிபியில் வேண்டுமா, சிஎம்ஒய்கேயில் வேண்டுமா, அவர்கள் மெஷினும் அந்த ஃப்ளெக்ஸும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ஐசிசி புரொஃபைல் இருக்கிறதா. பல கடைகளில் "சிஎம்ஒய்கேல குடுத்துடுங்க" என்பதோடு பதில் முடிந்துவிடும். அதற்கு என்ன செய்வது என்று 6-இல் வருகிறது.

மூன்றாவது, ஃபிரேமில் மடித்து அடிப்பார்களா, இல்லை கண்ணி குத்திக் கட்டுவார்களா, ஓரத்தில் எத்தனை அங்குலம் போகும். அம்மாவின் பாதமும் புடவையின் கீழ் பார்டரும் எங்கே முடியலாம் என்பதை இதுதான் தீர்மானிக்கும். எல்லாம் முடிந்த பிறகு கேட்டால் உருவத்தைச் சுருக்க வேண்டிவரும்.

## 2. அளவை பிக்சலாக மாற்றுங்கள்

ஃப்ளெக்ஸுக்கு நிஜ அளவில் அங்குலத்துக்கு 72 பிக்சல், அதாவது 72 பிபிஐ, தாராளமாகப் போதும். ஏன் போதும் என்றால், கண்ணால் பிரித்துப் பார்க்க முடிகிற நுணுக்கம் தூரம் கூடக்கூடக் குறைகிறது. சாதாரணப் பார்வைக்கு இந்தக் கணக்கு ஒத்து வரும்:

```
தேவையான பிபிஐ = 3400 ÷ பார்க்கும் தூரம் (அங்குலம்)
```

10 அடி தள்ளி நின்று பார்த்தால் 120 அங்குலம், சுமார் 28 பிபிஐ இருந்தால் கண்ணுக்குக் குறை தெரியாது. ஆனால் மண்டப வாசல் பேனர் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பார்கள். 5 அடி என்று வைத்துக்கொண்டால் 57 வரும். அதனால்தான் 72 என்று வைத்துக்கொள்கிறோம். 300 வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் ஃபைல் பதினேழு மடங்கு பெருத்து கணினி திணறும், ஃப்ளெக்ஸில் எந்த வித்தியாசமும் தெரியாது.

நம் பேனருக்கு 10 அடி என்பது 120 அங்குலம், 8 அடி என்பது 96 அங்குலம்:

```
120 × 72 = 8640 பிக்சல்
 96 × 72 = 6912 பிக்சல்
```

இங்கே ஒரு பொறி இருக்கிறது, ரொம்பப் பேர் விழுவது இதில்தான். அடிக்கு ஒரு அங்குலம் என்று சுருக்கி, 10×8 அங்குலத்தில் 300 பிபிஐ வைத்து ஃபைல் தொடங்குவார்கள். 300 என்ற எண்ணைப் பார்த்ததும் நல்ல தரம் என்று மனசு அடங்கிவிடும். உள்ளே இருப்பது 3000×2400 பிக்சல்தான். அதை 12 மடங்கு பெரிதாக்கினால் நிஜத்தில் 25 பிபிஐ. சுருக்கின அளவில் வேலை செய்வதில் தப்பில்லை, ஆனால் அப்போது 72-ஐ 12-ஆல் பெருக்கி 864 பிபிஐ வைக்க வேண்டும். பிபிஐயைப் பார்க்காதீர்கள், மொத்த பிக்சலைப் பாருங்கள். 8640×6912 இருந்தால் சரி.

## 3. ஒவ்வொரு துண்டையும் தனியாக அளந்து பாருங்கள்

இதுதான் மொத்த வேலையின் உயிர், கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டியது.

பேனரில் அம்மா தலை முதல் பாதம் வரை 6 அடி உயரம் நிற்கப் போகிறார் என்று வையுங்கள், 72 அங்குலம். அதில் உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை ஏறத்தாழ 10 அங்குலம் வரும், கழுத்திலிருந்து பாதம் வரை சுமார் 61 அங்குலம்.

இப்போது ஃபோன் படத்தைத் திறந்து முகத்தை அளந்து பாருங்கள். உச்சந்தலை முதல் முகவாய் வரை 600 பிக்சல் இருந்தால் 600 ÷ 10, அதாவது 60 பிபிஐ. நல்லது. புடவைக்கு இணையத்தில் எடுத்த ஒரு படம், கழுத்து முதல் பாதம் வரை 1000 பிக்சல். 1000 ÷ 61 போட்டால் 16. மேலே சொன்ன கணக்கில் 16 பிபிஐ சரியாகத் தெரிய சுமார் 18 அடி தள்ளி நிற்க வேண்டும். முகமோ 5 அடியிலேயே தெளிவு. இரண்டும் கழுத்தில் வந்து சேரும்போது ஒட்டு வேலை என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு முறையும் கையால் போட வேண்டியதில்லை. 8640×6912 கேன்வாஸை முதலிலேயே திறந்துகொள்ளுங்கள். முகம் இருக்கும் படத்தில் `Ctrl+A`, `Ctrl+C` கொடுத்து கேன்வாஸில் ஒட்டுங்கள். ஒட்டியதும் எதையும் பெரிதாக்காமல், அந்த லேயரை `Convert to Smart Object` செய்துவிடுங்கள். அப்புறம் `Ctrl+T` போட்டு வேண்டிய அளவுக்கு இழுங்கள். மேலே பட்டையில் W, H என்று ஒரு சதவீதம் காட்டும். 72-ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்தால் உண்மையான பிபிஐ கிடைத்துவிடும். 120% என்றால் 60 பிபிஐ. 200% என்றால் 36. இணையத்துப் புடவை சுமார் 440% காட்டும்.

வாசல் பேனருக்கு நான் 200%-ஐ எல்லையாக வைத்திருக்கிறேன். அதைத் தாண்டும் துண்டை மாற்ற வேண்டும், இல்லையென்றால் உருவத்தைச் சிறிதாக்க வேண்டும். இன்னொன்று, முகத்தின் சதவீதமும் உடையின் சதவீதமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டும் 150% என்பது, ஒன்று 80% இன்னொன்று 200% என்பதைவிட எவ்வளவோ மேல்.

ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஏன் என்றால், சாதாரண லேயரைச் சின்னதாக்கி மறுபடி பெரிதாக்கினால் ஒவ்வொரு முறையும் பிக்சல் கொஞ்சம் அழியும், சதவீதமும் 100-க்குத் திரும்பிவிடும், பழைய கணக்கு மறைந்து போகும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் எத்தனை முறை இழுத்தாலும் மூலத்திலிருந்துதான் கணக்கிடும்.

## 4. உடைப் படத்தை நீங்களே எடுத்துவிடுங்கள்

இணையத்திலிருந்து எடுப்பதைவிட, புடவையை உண்மையிலேயே ஒருவருக்குக் கட்டிவிட்டு ஃபோனில் எடுப்பது பாதி வேலையைக் குறைத்துவிடும். அம்மாவின் உடல்வாகு உள்ள அத்தையோ சித்தியோ போதும். 12 மெகாபிக்சல் ஃபோனை நெட்டுக்குப் பிடித்து எடுத்தால் உயரம் 4000 பிக்சல், உருவம் படத்தை நிறைத்தால் அதில் கழுத்து முதல் பாதம் வரை 3000 கிடைக்கும். 3000 ÷ 61 என்றால் 49 பிபிஐ, 6 அடிக்குள்ளேயே தெளிவு. சதவீதம் 147 காட்டும், முகத்தின் 120-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

எடுக்கும்போது கவனிக்க இரண்டே விஷயம். முகப் படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதே பக்கத்திலிருந்து இங்கேயும் வர வேண்டும். மூக்கின் நிழல் விழும் பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம் ஃபோனை நெஞ்சு உயரத்தில் பிடித்து, சற்றுத் தள்ளி நின்று, உருவம் படத்தை நிறைக்கும்படி எடுங்கள். பக்கத்தில் நின்று மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகி முகத்தோடு பொருந்தாது.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் போட்டோவாக அனுப்பச் சொல்லாதீர்கள். 4000 பிக்சல் படம் பெரும்பாலும் 1600 அளவுக்குச் சுருங்கி வரும், இத்தனை கணக்கும் வீண். "டாக்குமெண்ட்டா அனுப்புங்க" என்று சொன்னால் மூலம் அப்படியே வரும்.

ஐபோன் படமாக இருந்தால் அதில் Display P3 என்ற புரொஃபைல் இருக்கும். ஒட்டும்போது புரொஃபைல் பொருந்தவில்லை என்று ஒரு பெட்டி வந்தால் மாற்றச் சொல்லும் `Convert` தேர்வையே கொடுங்கள். புரொஃபைலைத் தூக்கி எறிந்துவிட்டால் தோலும் புடவையும் வெளுத்துப்போகும், பிறகு காரணம் தெரியாமல் சாச்சுரேஷனை ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

## 5. எடிட்: கழுத்து, விளிம்பு, கூர்மை

நிறம் சிஎம்ஒய்கேவுக்குப் போவதற்கு முன் எல்லா எடிட்டும் ஆர்ஜிபியில், sRGB-யில், முடிய வேண்டும். தோல் நிறத்தைப் பொருத்துவது, புடவை நிறத்தை மாற்றுவது எல்லாம் இங்கேதான். சிஎம்ஒய்கேவுக்குப் போய்த் திரும்பினால் இழந்த நிறம் திரும்பாது.

மாஸ்க் விளிம்பை 100% ஜூமில் பாருங்கள். 72 பிபிஐயில் ஒரு பிக்சல் என்பது ஃப்ளெக்ஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர். திரையில் முழுப் படமாகப் பார்க்கும்போது கண்ணுக்கே தெரியாத 10 பிக்சல் வெள்ளை ஓரம், அடித்த பிறகு கூந்தலைச் சுற்றி மூன்றரை மில்லிமீட்டர் கோடாக நிற்கும். முடி ஓரத்துக்கு `Select and Mask` உள்ளே `Decontaminate Colors` உதவும். ஜாக்கெட், புடவை மடிப்பு போன்ற திடமான ஓரங்களுக்கு மாஸ்க்கை ஒரு பிக்சலோ இரண்டோ உள்ளே தள்ளினாலே போதும்.

கழுத்தில் முகமும் உடையும் சேரும் இடத்தை ஒரு நகைக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவது நல்ல வழி. ஆனால் அந்த நகையின் படத்துக்கும் சதவீதம் பாருங்கள். நகை PNG-கள் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும், வேண்டிய அகலத்துக்கு இழுக்கும்போது 200%-ஐத் தாண்டினால் பல் பல்லாகத் தெரியும்.

அப்புறம் கூர்மை. முகம் 60, புடவை 49 என்றால் முகம் கொஞ்சம் கூடுதலாகத் தெளிவு. புடவையை அளவுக்கு மீறி ஷார்ப்பன் செய்து சமன் பண்ணப் பார்ப்பார்கள், ஜரிகை முழுக்க வெள்ளைப் புள்ளியாகிவிடும். அதற்குப் பதில் முகத்தை அரை பிக்சல் அளவுக்கு மென்மையாக்கி, பிறகு இரண்டுக்கும் மேலே `Add Noise`-இல் Gaussian, Monochromatic, 1 முதல் 2% போடுங்கள். ஒரே பொடி எல்லாத் துண்டின் மேலும் பரவியதும் ஒரே கேமராவில் எடுத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

நிஜ அளவில் எப்படித் தெரியும் என்று பார்க்க ஒரு வழி உண்டு. போட்டோஷாப்பில் ரூலரைத் திறந்து, ஒரு ஸ்கேலைத் திரையில் வைத்து, அதன் ஒரு அங்குலமும் ரூலரின் ஒரு அங்குலமும் சரியாக வரும்வரை ஜூம் செய்யுங்கள். அப்படியே முகமும் கழுத்தும் தெரியும்படி வைத்துவிட்டு எழுந்து 6 அடி தள்ளிப் போய்ப் பாருங்கள். அங்கிருந்து ஒட்டு தெரிந்தால் பேனரிலும் தெரியும்.

## 6. நிறம்: எது மாறும், எதை எப்படிக் காப்பாற்றுவது

திரை காட்டும் எல்லா நிறத்தையும் நான்கு மையால் கொண்டுவர முடியாது. அரக்கு பெரும்பாலும் தப்பித்துவிடும். கிளிப்பச்சை, ராணி பிங்க், ராயல் புளூ மூன்றும் அடிவாங்கும்.

அதை முன்கூட்டியே பார்க்க `View > Proof Setup > Custom` போய் கடைக்காரர் கொடுத்த புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லையென்றால் `Coated FOGRA39` வையுங்கள். இது ஆர்ட் பேப்பரில் ஆஃப்செட் அடிப்பதற்கான புரொஃபைல், ஃப்ளெக்ஸுக்கானது கிடையாது. அதனால் காட்டுவது தோராயம்தான், ஆனால் எந்த நிறம் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். `Ctrl+Y` அழுத்தினால் மாறிய நிறமும், `Shift+Ctrl+Y` அழுத்தினால் மையால் எட்ட முடியாத இடங்கள் சாம்பல் நிறத்திலும் தெரியும்.

நம் படத்தில் பார்டர் முழுக்க சாம்பலாகும். பயந்து பச்சையைக் கொன்றுவிட வேண்டாம். அந்தப் பார்டரை மட்டும் தேர்ந்து சாச்சுரேஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மடிப்பின் ஏற்ற இறக்கம் `Ctrl+Y`-யில் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். சாம்பல் முழுசாகப் போக வேண்டும் என்பதில்லை. நிறம் சற்று மங்குவது பரவாயில்லை, மடிப்பெல்லாம் ஒன்றாகி பச்சை அட்டை ஒட்டின மாதிரி ஆவதுதான் கூடாது.

இதே காரணத்துக்காகத்தான் மாற்றும்போது `Edit > Convert to Profile`-இல் Intent என்ற இடத்தில் Perceptual, Relative Colorimetric இரண்டையும் `Preview` போட்டு மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன். Relative எட்டாத நிறங்களை எல்லாம் ஓரத்தில் கொண்டுபோய் ஒன்றாக நிறுத்தும், Perceptual எல்லா நிறத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும். பட்டுப்புடவைக்குப் பல சமயம் Perceptual நல்லது. தோல் நிறம் அதில் சோர்ந்து தெரிந்தால் Relative எடுத்து, `Use Black Point Compensation` டிக் போட்டு, பார்டரைக் கையால் சரிசெய்யுங்கள்.

`Assign Profile` என்பது வேறு, அதைத் தொடாதீர்கள். `Convert` எண்களை மாற்றி நிறத்தைக் காப்பாற்றும். `Assign` எண்களை அப்படியே வைத்துவிட்டு அவற்றின் அர்த்தத்தை மட்டும் மாற்றும், நிறம் குதித்துவிடும்.

ஜரிகை தனிக் கதை. திரையில் தங்கமாகத் தெரிவது சயான் கலந்தால் பச்சை கலந்த பழுப்பாகிவிடும். `Info` பேனலில் ஜரிகையின் நடுத்தர வெளிச்சமுள்ள இடத்தில் சுட்டியை வைத்துப் பாருங்கள். சயான் 20%-ஐத் தாண்டியிருந்தால் `Selective Color`-இல் Yellows எடுத்து சயானைக் குறையுங்கள். நீல நிறப் புடவை என்றால் மெஜந்தாவைப் பாருங்கள். சயானைவிட அது 30%-ஆவது குறைவாக இல்லையென்றால் நீலம் ஊதாவாகத்தான் வரும்.

அரக்கின் இருண்ட மடிப்புகளும் கூந்தலும் திரையில் தெரிந்த விவரம் இல்லாமல் கறுப்புக் கட்டியாக வரும். `Levels`-இல் Output-இன் இடது எண்ணை 0-விலிருந்து 15 வரை உயர்த்தினால் மடிப்பு பிழைக்கும். நான்கு மையையும் 100 வைத்து கறுப்பு உண்டாக்காதீர்கள். ஃப்ளெக்ஸ் காகிதம்போல மையை உறிஞ்சாது, கனத்த மை காயாமல் சுருட்டும்போது ஒட்டிக்கொள்ளும்.

அப்பாவின் பட்டு வேட்டிக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. வெள்ளை என்பது மை விழாத வெறும் ஃப்ளெக்ஸ். மடிப்பில் 4, 5 சதவீதமாவது மை இல்லையென்றால் வேட்டி பின்னணியில் ஓட்டை போட்ட மாதிரி இருக்கும்.

கடையில் ஆர்ஜிபி வாங்குவார்கள் என்றால், நீங்கள் சிஎம்ஒய்கேவுக்கு மாற்றவே வேண்டாம். ப்ரூஃப் பார்த்து நிறத்தைச் சரிசெய்த பின் sRGB-யாகவே கொடுங்கள். ஃபைலை மெஷினுக்கு அனுப்பும் அவர்களுடைய ரிப் மென்பொருள் தன் மெஷினுக்கு ஏற்றபடி ஒரே முறை மாற்றும். நீங்கள் ஒரு முறை, அது ஒரு முறை என்று இரண்டு முறை மாறினால் பச்சை இன்னும் செத்துப்போகும்.

## 7. ஓரம்

கடையில் சொன்ன மடிப்பு அளவோடு ஒரு அங்குலம் கூட்டி நாலு பக்கமும் கைடு போடுங்கள். முகம், கை, பாதம், எழுத்து எதுவும் அதைத் தாண்டக் கூடாது. பின்னணி மட்டும் கடைசி வரை போக வேண்டும். பேனர் 10 அடிக்கு மேல் இரு பக்கமும் பெரிசு என்றால் ஃப்ளெக்ஸை இணைத்து ஒட்டுவார்கள். இணைப்பு எங்கே வரும் என்று கேட்டு முகத்தை அங்கிருந்து தள்ளி வையுங்கள்.

## 8. ஒரு துண்டு அடித்துப் பாருங்கள்

முழு ஃபைலிலிருந்து நிஜ அளவிலேயே ஒரு அடி அகலம் இரண்டு அடி உயரத்துக்கு, அதாவது 864×1728 பிக்சல், ஒரு துண்டு தயார் செய்யுங்கள். முகமும் கழுத்தும் மேலே வரட்டும். கீழே ஜரிகையும் பச்சை பார்டரும் சேரும் இடம், இருட்டான மடிப்பு ஒன்று. பெரிதாக்கவோ சுருக்கவோ கூடாது, வெட்டி ஒட்டுவது மட்டும்தான். வேறு வேலை ஓடும்போது ரோலின் ஓர மிச்சத்தில் இதை அடித்துத் தருவார்கள்.

காய்ந்த பிறகு பேனர் நிற்கப்போகும் வெளிச்சத்தில் பாருங்கள். பகல் வாசலா, ராத்திரி டியூப்லைட்டா என்பது பெரிய வித்தியாசம். திரையைவிட இருட்டாக இருந்தால் `Curves`-இல் நடுப்பகுதியை மட்டும் தூக்குங்கள், ஏனென்றால் திரை தானே ஒளிரும், ஃப்ளெக்ஸ் மேலே விழும் வெளிச்சத்தைத்தான் காட்டும். நிறம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், உதாரணமாகத் தோல் ரோஸாகத் தெரிந்தால், மெஜந்தா மஞ்சளைவிட அதிகமாகியிருக்கும், அதைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

## 9. சேமித்துக் கொடுப்பது

லேயர்கள் உள்ள PSD-ஐ முதலில் தனியாகச் சேமித்துவிடுங்கள். `Convert to Profile` அதன் நகலில்தான், லேயர்களை ஒன்றாக்கிய பிறகு. மறந்து மூலத்தின் மேலேயே சேமித்தால் பிறகு வீட்டார் "ஜாக்கெட்டைப் பச்சையா மாத்துங்க" என்று கேட்கும்போது வழியில்லை.

`Channels` பேனலில் Alpha என்று ஏதாவது மிச்சம் இருந்தால் அழியுங்கள், சில ரிப்களில் அது சிக்கல் செய்யும். பிறகு டிஃப், LZW, `ICC Profile` டிக் போட்டு சேமியுங்கள். கடை ஜேபெக்தான் வாங்கும் என்றால் Quality 12. பெயரிலேயே அளவும் புரொஃபைலும் இருக்கட்டும்:

```
amma60_W10xH8ft_72ppi_FOGRA39.tif
```

பென்டிரைவிலோ டிரைவ் லிங்க்காகவோ கொடுங்கள். கூடவே ஒரு சின்ன ஜேபெக்கும் வையுங்கள், ஆபரேட்டர் அடிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க. முடிந்தால் பிரிண்ட் தொடங்கும்போது அங்கேயே நில்லுங்கள். ரிப் திரையில் 120×96 அங்குலம் காட்டுகிறதா என்று பாருங்கள். நீளம் அகலம் தனித்தனியாக இழுத்துப் பொருத்தினால் அம்மாவின் முகம் அகன்றுவிடும், அதனால் இரண்டும் ஒரே விகிதத்தில் பூட்டியிருக்க வேண்டும். முதல் அடி வெளியே வந்ததும் கையிலிருக்கும் துண்டைப் பக்கத்தில் வைத்து நிறத்தைப் பாருங்கள், வேறு மாதிரி இருந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.